லொஃப்ட்டுக்குள் வியர்க்கும் கூரை: இன்சுலேசன் மேலேயா, கீழேயா?

கேள்வி: வணக்கம் அண்ணை. ஹரோவில் 1930களில் கட்டிய செமி வீடு எங்களுடையது. லொஃப்ட்டில் சீலிங் மரங்களுக்கு இடையில் 100 மி.மீ. மஞ்சள் கம்பளி முந்தியே இருந்தது. வீடு இன்னும் சூடாகும் என்று சொல்லி, போன கோடையில் ஒரு பில்டர் கைமரங்களுக்கு இடையில் 75 மி.மீ. வெள்ளி முக இன்சுலேசன் பலகைகளை வெட்டிச் செருகிவிட்டுப் போனார். இந்தக் குளிரில் மேலே ஏறிப் பார்த்தால் பலகை இடுக்குகளில் தண்ணீர் சொட்டுகிறது, சூட்கேஸ்களில் பூஞ்சணம். ஓடு ஒழுகவில்லை என்று கூரைக்காரர் சொல்கிறார். இன்னொருவர் "உங்களுக்கு வேண்டியது வோர்ம் ரூஃப்" என்கிறார், மற்றவர் "கோல்ட் ரூஃப்தான் சரி" என்கிறார். நாங்கள் அங்கே சாமான்தான் வைக்கிறோம். அறையாக்குவது பத்து வருடத்துக்குப் பிறகு யோசிக்கிற காரியம். எதைச் செய்வது?

பதில்: கூரைக்காரர் சொன்னது சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நீங்களே ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மழை ஒழுக்கு என்றால் மழை பெய்த பிறகு ஓரிடத்தில் சொட்டும், மரத்தில் ஒரு கோடாகப் பழுப்புக் கறை இறங்கியிருக்கும். நீராவி ஒடுங்கிய தண்ணீர் அப்படி வராது. பல நாள் மழையே இல்லாமல், வானம் தெளிவாக, வெளியே கார்க் கண்ணாடியில் உறைபனி பிடித்திருக்கும் காலையில் டோர்ச்சோடு ஏறுங்கள். ஓட்டுக்குக் கீழே விரித்திருக்கும் ஃபெல்ட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியிருக்கும் ஆணி முனைகளைப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி தொங்கும், அதன் அடியில் மரத்தில் வட்டமாகத் துருக்கறை இருக்கும். வடக்குப் பார்த்த சரிவில்தான் இது அதிகம், ஏனென்றால் பகலிலும் அங்கே வெயில் படாது. தெளிந்த இரவில் ஓடுகள் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்து, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். இந்த அடையாளம் இருந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வந்தது.

எவ்வளவு வரும் என்று கேட்பீர்கள். 20 பாகையில், 60 வீத ஈரப்பதனில் இருக்கும் வீட்டுக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் நீராவியைச் சுமக்கும். அதே காற்று சீலிங் ஓட்டை வழியே ஏறி, 3 பாகையில் இருக்கும் ஃபெல்ட்டைத் தொட்டால் 6 கிராமுக்குமேல் அதனால் வைத்திருக்க முடியாது. மிச்சம் 4 கிராம் அங்கேயே தண்ணீராகிவிடும். ஒரு கன மீட்டருக்கு இது சின்னக் கணக்குத்தான். ஆனால் லொஃப்ட் மூடியின் ஓரம், மின்விளக்குத் துளைகள், குழாய் ஏறும் இடம் எல்லாவற்றாலும் இரவு முழுக்கக் காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு ஆலோசகர்களும் சொன்னது சரியான பெயர்கள்தான். ஆனால் இன்சுலேசன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்தால் குழப்பமே இல்லை. சரிவுக் கூரை வீட்டில் இன்சுலேசன் என்பது ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்குக் கீழே வீடு, மேலே வெளி. கோல்ட் ரூஃப்பில் அந்தக் கோடு சீலிங் மட்டத்தில் ஓடுகிறது, ஆகவே லொஃப்ட் முழுவதும் வெளியைச் சேர்ந்தது. வோர்ம் ரூஃப்பில் கோடு கைமரச் சரிவோடு ஏறி முகட்டைச் சந்தித்து மறுபக்கம் இறங்குகிறது, ஆகவே லொஃப்ட் வீட்டைச் சேர்ந்தது. காற்றோட்டம் விடுவதா, அடைப்பதா, நீராவித் தடையை எங்கே விரிப்பது என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அந்தக் கோட்டின் இடத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டில் கோடு இரண்டு இடத்தில் போகிறது. பிரச்சினை அதுதான்.

முதலில் கோல்ட் ரூஃப்பை எடுப்போம், இங்கிலாந்தின் பெரும்பாலான பழைய வீடுகள் அதுதான். இன்று வழக்கமான அளவு 270 மி.மீ. கண்ணாடிக் கம்பளி: சீலிங் மரங்களுக்கு இடையில் 100, அதற்குமேல் குறுக்கே 170. குறுக்கே விரிப்பதற்குக் காரணம், மரங்களே வெப்பம் கசியும் வழி என்பதால் அவற்றையும் மூடவேண்டும். இதில் யூ-பெறுமானம் 0.16 அளவுக்கு வரும். அதாவது ஒரு சதுர மீட்டர் சீலிங் வழியே, உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபட்டால் 0.16 வாட் போகும். உங்கள் சீலிங் 45 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 0, உள்ளே 20 பாகை. இப்போதிருக்கும் 100 மி.மீ. கம்பளிக்கு யூ-பெறுமானம் 0.4 அளவில் இருக்கும், ஆகவே சுமார் 360 வாட் போய்க்கொண்டிருக்கிறது. 270 ஆக்கினால் அது 144 வாட். இதற்கு வேண்டியது சில சுருள் கம்பளியும் ஒரு சனிக்கிழமையும் தான்.

ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சீலிங்கில் கம்பளியைத் தடிப்பாக்கத் தடிப்பாக்க லொஃப்ட் முன்னைவிடக் குளிராகிறது, ஏனென்றால் கீழிருந்து கசிந்த வெப்பம்தான் இதுவரை அதை ஓரளவு உலர வைத்தது. அதனால் கோல்ட் ரூஃப்புக்குக் காற்றோட்டம் கட்டாயம். ஏறிவந்த நீராவி ஃபெல்ட்டில் படிய முன்னரே அதை வெளிக்காற்று அள்ளிக்கொண்டு போகவேண்டும். பழைய பிற்றுமன் ஃபெல்ட் நீராவியை விடாது. அப்படிப்பட்ட கூரைக்கு, 15 பாகைக்கு மேற்பட்ட சரிவென்றால், எதிரெதிர்த் தாழ்வாரங்கள் இரண்டிலும் 10 மி.மீ. அகலத்தில் நெடுக ஓடும் இடைவெளிக்குச் சமமான திறப்பு வேண்டும். பிரித்தானியத் தர விதி பி.எஸ். 5250 சொல்லும் அளவு இது. கேட்கச் சின்னதாக இருக்கும். உங்கள் முன்பக்கத் தாழ்வாரம் 6 மீட்டர் நீளமானால் அது 600 சதுர செ.மீ. கடையில் விற்கும் 70 மி.மீ. வட்ட வென்ட் ஒன்றின் முழுப் பரப்பே 38 சதுர செ.மீ.தான், பூச்சி வலைக்குக் கழித்தால் இன்னும் குறையும். ஆக ஒரு பக்கத்துக்கு 16க்குக் குறையாமல் வேண்டும். நான் பார்க்கப் போகும் வீடுகளில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு மூன்று துளை இருக்கும், அதையும் உள்ளேயிருந்து கம்பளி அடைத்திருக்கும்.

வோர்ம் ரூஃப்பை அதன் சுத்தமான வடிவில் கூரையைப் பிரித்துத்தான் செய்ய முடியும். ஓடு, சிலாகை, பழைய ஃபெல்ட் எல்லாம் கழற்றி, கைமரங்களின் மேல் பலகையை விரிக்கிறார்கள். பலகைக்கு உள்பக்கம், சூடான பக்கத்தில், நீராவித் தடைத் தாள். பலகைக்கு வெளியே நீராவியை வெளியே விடக்கூடிய மெல்லிய மெம்பிரேன். அதன் மேல் கைமரத்தோடு நீளமாக ஓடும் சிலாகை, அதன் மேல் குறுக்குச் சிலாகை, பிறகு ஓடு. இதில் கைமரங்கள் முழுதும் உட்பக்கத்தில், வீட்டின் வெப்பத்தில் நிற்கின்றன. 60 வீத ஈரப்பதனுள்ள 20 பாகைக் காற்றின் பனிபடுநிலை 12 பாகை. அதற்குமேல் வெப்பமாக இருக்கும் மரத்தில் தண்ணீர் படியவே முடியாது. அதனால் இங்கே லொஃப்ட்டுக்குக் காற்றோட்டம் தேவையில்லை என்பதைவிட, விடக்கூடாது என்பதே சரி. தாழ்வாரத்தில் வென்ட் திறந்திருந்தால் குளிர்காற்று பலகைக்குக் கீழே புகுந்து, நீங்கள் காசு கொடுத்துப் போட்ட இன்சுலேசனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சுவரின் இன்சுலேசனும் கூரையின் இன்சுலேசனும் தாழ்வாரத்தில் இடைவெளியின்றிச் சந்திக்கவேண்டும். அந்த மூலையைத்தான் வேலைக்காரர் அதிகம் தவறவிடுகிறார்கள். சீலிங்கில் இருக்கும் பழைய கம்பளியையும் எடுத்துவிடுவது நல்லது. இருப்பதை ஏன் எறிவது என்று பலர் கேட்பார்கள். அது இருந்தால் வீட்டின் சூடு லொஃப்ட்டுக்குப் போகாது, லொஃப்ட் வெப்பமாக இருப்பதை நம்பித்தான் காற்றோட்டத்தை அடைத்திருக்கிறோம்.

உங்கள் பில்டர் செய்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கீழே 100 மி.மீ. கம்பளி தடுக்கிறது, மேலே 75 மி.மீ. பலகை தடுக்கிறது, இடையில் லொஃப்ட் வெளியே உறையும் இரவில் 10 பாகையை ஒட்டி நிற்கும். உலர்த்தும் வெளிக்காற்றும் இல்லை, உலர்த்தும் வெப்பமும் இல்லை. பலகையைக் கையால் அறுத்துச் செருகியிருப்பதால் ஒவ்வொரு கைமரத்தின் பக்கத்திலும் 5, 10 மி.மீ. இடுக்கு இருக்கும், 1930களின் மரம் நேராகவும் இருக்காது. ஈரக் காற்று அந்த இடுக்கால் பலகையின் முதுகுப் பக்கம் போய், ஏறத்தாழ வெளியின் குளிரிலேயே இருக்கும் ஃபெல்ட்டில் படிகிறது. பிறகு அதே இடுக்கால் வழிந்து உங்கள் கண்ணில் படுகிறது. நீங்கள் காண்பது வழிந்த பங்கு மட்டும். மிச்சம் பலகைக்கும் ஃபெல்ட்டுக்கும் இடையில், கைமரத்தின் வெளிப்பாதியில் ஊறிக்கொண்டிருக்கிறது. சிக்கனமும் பெரிதாக இல்லை. லொஃப்ட்டில் கொஞ்சம் காற்றாவது இன்னும் நுழையுமானால் அந்தப் பலகைகளால் வீட்டுக்குக் கிடைக்கும் பலன் சொற்பம்.

உள்ளேயிருந்து கைமரத்துக்கு இடையில் பலகை வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அறையாக்கும்போது அப்படித்தான் செய்வோம். பிற்றுமன் ஃபெல்ட் உள்ள கூரையானால் பலகைக்கும் ஃபெல்ட்டுக்கும் இடையில் 50 மி.மீ. காற்று இடைவெளி விடவேண்டும், அந்தக் காற்று நுழையத் தாழ்வாரத்தில் 25 மி.மீ. திறப்பும் வெளியேற முகட்டில் 5 மி.மீ. திறப்பும் வேண்டும். உங்கள் காலத்து வீட்டுக் கைமரம் பெரும்பாலும் 100 மி.மீ. ஆழம்தான். 50ஐ காற்றுக்குக் கொடுத்தால் பலகைக்கு 50தான் மிச்சம். 0.16 அளவை எட்ட, கைமரங்களுக்குக் கீழே இன்னும் 100 மி.மீ. பலகை தொடர்ச்சியாக ஓடவேண்டும், அதன் பிறகு நீராவித் தடை, பிளாஸ்டர் போர்ட். உங்கள் வீட்டில் 75 மி.மீ. பலகை போயிருப்பதால் மிஞ்சியது 25, அதுவும் ஃபெல்ட் தொய்ந்திருக்கும் இடத்தில் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாமான் வைக்கத்தான் லொஃப்ட் என்பதால் என் பதில் கோல்ட் ரூஃப். சூட்கேஸ்களுக்கு எதற்கு ஹீட்டிங்? பரப்பும் கணக்கில் வருகிறது. 40 பாகைச் சரிவில் கூரையின் பரப்பு சீலிங்கைவிட 1.3 மடங்கு, உங்கள் 45 சதுர மீட்டர் அங்கே 59 ஆகிவிடும். கூடுதல் பரப்பை, விலை கூடிய பொருளால் மூடி, யாரும் இருக்காத இடத்தைச் சூடாக்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வேலையைத் தொடங்கும்போது கைமரப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முழுப் பலகைகளை எறியவேண்டாம், ஒரு துண்டை லொஃப்ட் மூடியின் முதுகில் ஒட்டினால் நல்ல உபயோகம். பிறகு தாழ்வாரத்துக்குப் போய், கம்பளி கூரையைத் தொடும் இடத்தில் அதைப் பின்னுக்கு இழுத்து, காற்று போக வளைந்த பிளாஸ்டிக் தட்டுகளைக் கைமரங்களுக்கு இடையில் வைத்துவிடுங்கள். இவை எந்தக் கட்டிடப் பொருள் கடையிலும் கிடைக்கும். தாழ்வாரப் பலகையில் துளை போதாவிட்டால் மேலே சொன்ன கணக்கின்படி கூட்டவேண்டும். ஏணி வைக்க வசதியில்லை என்றால், ஃபெல்ட் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களை உள்ளேயிருந்து திறந்து பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் வென்ட்டுகளும் உண்டு, அவை ஒத்தாசைக்கு நல்லவை.

காற்றோட்டத்தைவிட முக்கியமானது கீழிருந்து ஏறும் காற்றை மறிப்பது. குளியலறை விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். லொஃப்ட்டுக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் குழாய்களை நான் கண்ட அளவுக்கு வேறெந்தப் பிழையையும் கண்டதில்லை. அது கூரை வழியாகவோ தாழ்வாரம் வழியாகவோ வெளியே முடியவேண்டும், லொஃப்ட்டில் ஓடும் தூரத்துக்குக் குழாய்க்கும் இன்சுலேசன் சுற்றவேண்டும். லொஃப்ட் மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டி ஒட்டி, அழுத்திப் பிடிக்கும் கொக்கி போடுங்கள். குழாய்கள் ஏறும் துளைகளைச் சீலன்ட்டால் அடையுங்கள். சீலிங்கில் புதைத்த விளக்குகள் இருந்தால் அவற்றுக்கென விற்கும் தீ தாங்கும் மூடிகளைக் கவிழ்த்தபின்தான் கம்பளி.

கடைசியாக மேல் அடுக்குக் கம்பளி. இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பழைய தண்ணீர்த் தாங்கி இருந்தால் அதன் பக்கங்களையும் மேலையும் மூடுங்கள், நேர் கீழே மட்டும் கம்பளி போடாதீர்கள். வீட்டிலிருந்து ஏறும் சிறிது சூடுதான் அதை உறையாமல் காக்கிறது. கம்பளிக்கு மேலே ஓடும் குழாய்களுக்கு உறை வேண்டும். மின்சார ஷவருக்குப் போகும் தடித்த வயரைக் கம்பளிக்குள் புதைத்தால் அது சூடேறும், கம்பளிக்கு மேலே வருமாறு எலக்ட்ரீஷனிடம் கேளுங்கள். சாமான் வைக்கும் பலகைத் தளத்தைச் சீலிங் மரத்தின்மேல் நேரே அறைந்து 270 மி.மீ. கம்பளியை நசுக்கினால் அதன் பலன் போய்விடும். உயரமான பிளாஸ்டிக் கால்கள் நட்டு, கம்பளிக்கு மேலே ஒரு கைப்பிடி இடைவெளி விட்டுத் தளத்தைப் போடுங்கள். அந்தத் தளத்திலும் பெட்டிகளைத் தாழ்வாரம் வரை தள்ளி வென்ட்டை அடைக்கவேண்டாம்.

வோர்ம் ரூஃப்புக்கு உரிய நேரம் ஓடு மாற்றும் நாள். சாரம் கட்டுவதும் ஓடு கழற்றுவதும் எப்படியும் நடக்கும், அப்போது பலகையின் விலை மட்டுமே கூடுதல். கூரைச் சரிவின் பாதிக்குமேல் புதிதாக்கினால் இன்சுலேசனையும் இன்றைய தரத்துக்கு உயர்த்தச் சொல்லி பில்டிங் கொன்ட்ரோல் கேட்கும் என்பதால் அன்றைக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும். செமி வீட்டில் ஒரு சிக்கல் என்னவென்றால், கைமரத்தின்மேல் பலகை ஏறினால் உங்கள் பாதிக் கூரை பக்கத்து வீட்டாரின் பாதியைவிட ஒரு சாணளவு உயர்ந்துவிடும். முகடு முன்பிருந்த உயரத்தைத் தாண்டினால் இங்கிலாந்தில் திட்ட அனுமதி எடுக்கவேண்டும், இரண்டு கூரையும் சேரும் கோட்டில் ஈயத் தகட்டு வேலையும் சிக்கலாகும். அதனால்தான் செமிகளில் பலகையின் ஒரு பங்கைக் கைமரங்களுக்கு இடையிலும் மிச்சத்தைக் கீழேயும் வைப்பது நடைமுறை. புதிய ஓட்டோடு நீராவி விடும் மெம்பிரேனும் வந்துவிட்டால், உள்ளே 50 மி.மீ. இடைவெளி விடவேண்டிய கட்டாயமும் தளரும். அந்த மெம்பிரேனின் தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் படித்துக்கொள்ளவேண்டும்.

நுரையை ஸ்பிரே செய்து ஒரே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று கதவைத் தட்டுகிறவர்கள் ஹரோப் பக்கம் நிறையவே வருகிறார்கள். மரத்தை மூடிவிடும் அந்த நுரையைக் கண்டால் பல அடமான நிறுவனங்கள் கடன் தர மறுக்கின்றன, வீட்டை விற்கும்போது அதைச் சுரண்டி எடுப்பது பெரிய செலவு. வேண்டாம்.

வேலையின் ஒழுங்கில் ஒன்று மட்டும் மாறக்கூடாது. பலகைகளை இப்போதே கழற்றுங்கள், மேல் அடுக்குக் கம்பளியை வசந்த காலத்தில் விரியுங்கள். இடையில் கூரை மரம் காயவேண்டும். மலிவான ஊசி முனை ஈரமானி ஒன்று வாங்கி, வடக்குச் சரிவில் கைமரங்களின் ஃபெல்ட்டை ஒட்டிய பக்கத்தில் குத்திப் பாருங்கள். 20 வீதத்துக்குமேல் நீண்ட நாள் நிற்கும் மரம் உக்கும். அளவு அதற்குக் கீழே இறங்கி நிற்கும்வரை பொறுங்கள். தாழ்வாரத்தில் கைமரம் சுவர் வளையில் உட்காரும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால் கம்பளி வாங்க முன்னர் ஒரு தச்சரைக் கூப்பிட்டு, அந்தக் கைமரத்தின் பக்கத்தில் புதுமரம் சேர்த்துப் பிணைக்கச் சொல்லுங்கள்.